வாபஸ் கடிதம் வந்த பிறகு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெண்கள் கொடுத்த பாலியல் தொந்தரவுப் புகார்கள் பலவற்றை உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினராக விசாரித்திருக்கிறேன். அவற்றில் கணிசமானவற்றில் விசாரணை பாதி நடக்கும்போது ஒரு வெள்ளைத்தாள் வந்து சேரும். “நான் கொடுத்த புகாரை என் சுய விருப்பத்தின் பேரில், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்” என்று அதில் இருக்கும். கீழே கையெழுத்து. பெரும்பாலும் அந்தப் பெண் அதைக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார். ஹெச்.ஆர். அலுவலகத்திலிருந்து ஒருவர் ஃபைலுக்குள் வைத்துக் கொண்டுவருவார். “மேடம், முடிஞ்சுது. எல்லாரும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா ஃபைலைக் கட்டிரலாம்” என்பார்.

வற்புறுத்தல் இல்லை என்று தானாகவே எழுதிக் கொடுக்கும் கடிதத்தை அந்த ஒரு வரிக்காகவே நான் சந்தேகிப்பேன். மெஷினில் உட்கார்ந்து பீஸ் தைக்கிற பெண் தன் சொந்தப் பேச்சில் “தூண்டுதல்” என்ற சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

1990களில் பெண் தொழிலாளர்களிடையே வேலை செய்ய நான் இந்த ஊருக்கு வந்தபோது வாபஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. புகார் இருந்தால்தானே வாபஸ் இருக்கும்? தொந்தரவு தாங்க முடியாதவள் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனி வாசலில் போய் நிற்பாள். ஆள் தேவை என்ற போர்டு இல்லாத தெரு இங்கே அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. பிரச்சினை கொஞ்சம் பெரிதானால் காண்டிராக்டர் பேசித் தீர்ப்பார். தீர்ப்பது என்றால் அவளுக்குக் கணக்கு முடித்து அனுப்புவது. 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வழிகாட்டுதல் கொடுத்தது கூட இங்கே தையல் ஹாலுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

2013இல் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கமிட்டி அமைக்க வேண்டும், அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் என்றானது. அபராதத்தைவிட பையரின் ஆடிட்டுக்குத்தான் கம்பெனிகள் பயந்தன. தலைவராக மூத்த பெண் ஊழியர் ஒருவர், உறுப்பினர்கள், வெளியிலிருந்து ஒருவர் என்று பெயர்ப் பலகை கேன்டீன் சுவரில் ஏறியது. வருட அறிக்கையில் புகார் எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதி அனுப்பினார்கள். பூஜ்யம் என்றால் நல்ல கம்பெனி என்று ஆடிட்டரும் நினைத்தார். பயிற்சி நடக்க நடக்க மெல்லப் புகார்கள் வர ஆரம்பித்தன. அவற்றின் பின்னாலேயே வாபஸ் கடிதங்களும் வந்தன.

வாபஸ் வாங்கவைக்கும் நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று வெளியாட்களைக் கேட்டால் முதலாளி மிரட்டுவார், குற்றம் சாட்டப்பட்டவன் மிரட்டுவான் என்றுதான் சொல்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் நான் அதிகம் பார்த்தது பக்கத்து மெஷினிலிருந்து வரும் நெருக்கடி. கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவள், ஒரே வேனில் வருகிறவள், ஒரே ரூமில் தங்குகிறவள் சொன்னால் மறுப்பது கடினம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் அந்தப் புகாருக்கும் இடையில் யாரோ சம்பளத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு புகாரை முழுதாகச் சொன்னால்தான் விளங்கும்.

பல்லடம் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனி. குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லைனில் ஓவர்லாக் தைக்கும் பெண், தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர். பீஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் லைன் சூப்பர்வைசர் மேலே சாய்வது, கையைப் பிடிப்பது, இரவில் போன் செய்வது, எடுக்காவிட்டால் மறுநாள் எல்லார் முன்னாலும் திட்டுவது என்று சில மாதங்களாக நடந்ததை எழுதி ஒரு செவ்வாய்க்கிழமை கமிட்டித் தலைவரிடம் கொடுத்தார். போனில் வந்த அழைப்புகளின் பட்டியலையும் காட்டினார். நல்ல புகார். தேதி, நேரம், பார்த்தவர்கள் பெயர் எல்லாம் இருந்தது.

நிர்வாகம் அன்றைக்கே நடவடிக்கை எடுத்தது. சூப்பர்வைசரை விசாரணை முடியும்வரை விடுப்பில் போகச் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்காக என்று சொல்லி அவரைச் செக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். இரவில் லைனைப் பார்க்க ஆள் இல்லை என்பதால் அந்த லைனுக்கு மட்டும் ஓ.டி.யை நிறுத்தினார்கள். மூன்றுமே நல்லெண்ணத்தில் செய்தவை என்றுதான் மேலாளர் சொன்னார். நானும் அதை நம்புகிறேன்.

திருப்பூரில் ஓ.டி. என்பது சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் உபரி அல்ல, சம்பளத்தில் கணிசமான பங்கே அதுதான் என்று சொல்லிவிடலாம். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். நான் பார்த்த பல இடங்களில் ஒற்றைக் கூலிதான். வாரத்தில் ஐந்து நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது நின்றால், சனிக்கிழமை கவரில் இரண்டரை ஷிப்ட் கூலி குறையும். வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், மகளிர் குழுக் கடனுக்கு வாரா வாரம் கட்டும் தவணை எல்லாம் அந்தக் கவரை நம்பித்தான் நிற்கின்றன. முதல் சனிக்கிழமை முணுமுணுத்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை லைன் இன்சென்டிவும் வரவில்லை. நன்றாகத் தைக்கும் ஓவர்லாக் டெய்லரைச் செக்கிங்குக்கு அனுப்பிவிட்டதால் டார்கெட் விழுந்திருந்தது. “அவ புகார் குடுத்ததால ஓ.டி. நின்னுபோச்சு. அவ வாபஸ் வாங்கினா திரும்ப வந்துரும்” என்று ஹால் முழுக்கப் பேச்சு பரவியது. இதைச் சொன்னது யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. யாரும் சொல்லாமலே அப்படித்தான் தோன்றியிருக்கும். தேதிகள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை லைனிலிருந்து சில பெண்கள் பழம் வாங்கிக்கொண்டு அவர் ரூமுக்குப் போனார்கள். மூத்த டெய்லர் ஒருவர் சொன்னாராம்: “அவன் பண்ணுனது தப்புதான் கண்ணு. நாங்க இல்லைங்கல. ஆனா எங்க வவுத்துல அடிக்காத. நாளைக்குக் குழுப் பணம் கட்டோணும்.” இன்னொருத்தி அழுதாள். ஒருவரும் மிரட்டவில்லை. திங்கட்கிழமை காலை ஹெச்.ஆர். உதவியாளர் வாசகம் சொல்ல, பக்கத்தில் இருந்த ஒருவர் எழுத, அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் கமிட்டி மேசைக்கு வந்தபோது தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவரும் அதே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர், ஷிப்மென்ட் தேதி அவர் தலைமேலும் தொங்கிக்கொண்டிருந்தது. கடிதத்தின் மேல் “பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது” என்று எழுதித் தேதி போட்டு, கொண்டுவந்தவர் பெயரையும் எழுதச் சொன்னேன். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் செய்யத் தேவையில்லை. விசாரணையை முடிக்கச் சட்டம் தொண்ணூறு நாள் தருகிறது. வாபஸ் கடிதத்தின் மீது அன்றே முடிவெடுக்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. சொல்லப்போனால் விசாரணைக்கு நடுவில் வாபஸ் வாங்கினால் என்ன செய்வது என்பதைப் பற்றி 2013 சட்டம் எதுவுமே சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் ஹெச்.ஆர். ஆட்கள் தங்கள் வழக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் அதே நிமிடத்தில் கேட்டேன். சி.சி.டி.வி. பதிவைத் தனியாக எடுத்து வைத்தாயிற்றா? பல கம்பெனிகளில் பதினைந்து நாள், முப்பது நாள் ஆனால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். வாபஸ் கடிதத்தை நம்பிக் கமிட்டி சும்மா இருந்தால், அவள் மனம் மாறித் திரும்பி வரும்போது காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அந்தப் பெண்ணைக் கம்பெனிக்குள் சந்திக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. கமிட்டி அறைக்குள் போகிறவளை ஹால் முழுக்கப் பார்க்கும். எத்தனை நிமிடம் உள்ளே இருந்தாள் என்பது கூடச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சாகும். எங்கள் அலுவலகத்தில் சந்திக்க ஏற்பாடு செய்தோம். அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கினோம். கமிட்டியிலிருந்து இரண்டு பெண்கள் மட்டும் போனோம். ஹெச்.ஆர். இல்லை.

இப்படிப்பட்ட சந்திப்பில் “ஏன் வாபஸ் வாங்குறே?” என்று கேட்கக் கூடாது என்பது நான் எல்லாக் கமிட்டிகளிலும் சொல்வது. அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், எனக்கே விருப்பமில்லை. அதை எழுதிக்கொண்டு வந்தால் கடிதத்துக்கு இன்னொரு நகல் கிடைக்கும், அவ்வளவுதான். நாங்கள் கேட்டது வேறு. புகார் கொடுத்த நாளிலிருந்து எந்த மெஷினில் உட்காருகிறாய்? போன வாரம் கவரில் எவ்வளவு? யாரோடு சாப்பிடுகிறாய்? வேனில் உன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? லீவு கேட்டால் கொடுக்கிறார்களா? ரூமுக்கு யாராவது வந்தார்களா? இதற்கெல்லாம் பதில் சொல்ல யாருக்கும் பயம் வராது. சொல்லச் சொல்ல அவருக்கே நடந்தது கோவையாகத் தெரிந்தது. சாப்பாட்டுக்குத் தனியாக உட்காருவதாகச் சொன்னபோது குரல் உடைந்தது. கடைசியில் அவரே கேட்டார்: “நான் வாபஸ் வாங்கினாத்தான் அவங்களுக்கு ஓ.டி. குடுப்பாங்கன்னு சொல்றாங்களே மேடம், நெசமா?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகம். அடுத்த நாள் கமிட்டி வருகைப் பதிவேடு, ஓ.டி. பதிவேடு, லைன் உற்பத்தித் தாள், இன்சென்டிவ் கணக்கு நான்கையும் கேட்டு வாங்கியது. புகாருக்கு முந்தைய நான்கு வாரத்தையும் பிந்தைய இரண்டு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஓ.டி. நின்ற தேதியும் புகார் வந்த தேதியும் ஒன்று. பக்கத்து லைன்கள் எல்லாம் அதே வாரங்களில் ஒன்றரை ஷிப்ட் ஓடியிருந்தன. புகார்க்காரருக்குச் செக்கிங்கில் கூலி குறைவு. இதைப் பார்த்ததும் மேலாளரின் முகம் மாறியது. அவர் ஒரு சூப்பர்வைசர் பிரச்சினையாக நினைத்துச் செய்த ஏற்பாடு, முப்பது குடும்பங்களை ஒரு பெண்ணுக்கு எதிராகத் திருப்பியிருந்தது.

கமிட்டி எழுத்தில் கொடுத்த பரிந்துரை நீளமானதல்ல. ஓ.டி. உடனே தொடங்க வேண்டும், பக்கத்து லைனின் சூப்பர்வைசர் இரவில் சேர்த்துப் பார்க்கட்டும். புகார்க்காரரைத் திரும்ப ஓவர்லாக்கில் உட்காரவைத்து, குறைந்த கூலியை ஈடுகட்ட வேண்டும். இன்சென்டிவ் விழுந்த வாரத்துக்கு முந்தைய வாரங்களின் சராசரியை லைன் முழுவதற்கும் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் விடுப்பு முடிந்து திரும்பினால் வேறு யூனிட்டுக்குத்தான் போக வேண்டும். சட்டத்தின் 12ஆம் பிரிவு இடைக்கால நிவாரணத்துக்கு இடம் தருகிறது. இடமாற்றம், மூன்று மாதம்வரை கூடுதல் விடுப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதைப் பாதிக்கப்பட்ட பெண் எழுத்தில் கேட்க வேண்டும். பல கமிட்டிகள் “அவ கேக்கலையே” என்று சும்மா இருப்பது இதனால்தான். கேட்கலாம் என்பதையே அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் சொன்னோம், அவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். தன்னை மாற்ற வேண்டாம் என்பதுதான் முதல் வரி.

நிர்வாகம் இன்சென்டிவ் விஷயத்தில் முரண்டு பிடித்தது. தைக்காத பீஸுக்கு எப்படிக் காசு கொடுப்பது என்றார்கள். டார்கெட் விழுந்ததற்கு நிர்வாகத்தின் இடமாற்றம்தான் காரணம் என்று உற்பத்தித் தாளைக் காட்டிப் பேசிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். என் அனுபவத்தில் அந்தச் சிறு தொகைதான் அந்த லைனை மாற்றியது. புகார் கொடுத்தால் எல்லாருக்கும் நட்டம் என்ற கணக்கு அந்தச் சனிக்கிழமை கவரில் பொய்யாகிப்போனது.

ரூமுக்குப் போன பெண்களை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. மெமோ கொடுக்க வேண்டும் என்றார் ஹெச்.ஆர். மேலாளர். மெமோ கொடுத்திருந்தால் அந்தக் கோபமும் புகார்க்காரர் தலையில்தான் விழுந்திருக்கும். தலைவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஓ.டி. நின்றது நிர்வாக முடிவு, அது சரிசெய்யப்பட்டுவிட்டது. விசாரணையில் உள்ளவர்களிடம் நேரிலோ போனிலோ யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. இனி பேசினால் அது தனிக் குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும். புகார் விவரத்தை வெளியே பேசுவதைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் சொன்னார். வாசகம் சொல்லிக் கொடுத்த ஹெச்.ஆர். உதவியாளர் விஷயம் வேறு. அவருக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு, அந்தப் புகார் சம்பந்தமான எந்தத் தாளையும் தொடக் கூடாது என்று விலக்கிவைத்தார்கள். ஒரே தட்டில் எல்லாரையும் நிறுத்தக் கூடாது. பசிக்குப் பேசியவளும், பதவியில் இருந்துகொண்டு எழுதவைத்தவரும் ஒன்றல்ல.

இவ்வளவும் நடந்து ஒரு வாரம் கழித்துத்தான் அவரிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டோம். இப்போது சொல்லுங்கள், புகார் நிற்க வேண்டுமா, வேண்டாமா? “அதக் கிழிச்சுப் போட்ருங்க மேடம்” என்றார். கிழிக்கவில்லை. அது எப்படி வந்தது என்பதும் ஃபைலில் இருக்க வேண்டிய சாட்சிதான். அதன் கீழே, புகாரைத் தொடர விரும்புகிறேன் என்று இரண்டே வரி அவர் கையால் எழுதினார். விசாரணை தொண்ணூறு நாளுக்குள் முடிந்தது. பழம் வாங்கிக்கொண்டு போன மூத்த டெய்லர், தான் கண்ணால் பார்த்ததைக் கமிட்டி முன் சாட்சியாகச் சொன்னார். சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து அந்த ஆள் நீக்கப்பட்டார்.

எல்லாப் பெண்களும் இப்படித் திரும்பி வருவதில்லை. நெருக்கடியை முழுதாக நீக்கிய பிறகும், உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவிநாசிப் பக்கம் ஒரு யூனிட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண், மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் போச்சு என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த முடிவை மதித்தோம். அவளை இழுத்துவந்து சாட்சி சொல்ல வைப்பது இன்னொரு கொடுமை. புகார் அவளுடையது. ஆனால் அந்த ஹால் கம்பெனியுடையது. அவள் பின்வாங்கியதால் கம்பெனியின் கடமை பின்வாங்கிவிடாது. பாலியல் தொந்தரவை ஒழுங்கீனமாகக் கருதி நடவடிக்கை எடுக்கும் கடமையை 19ஆம் பிரிவு நிறுவனத்தின் மேல்தான் வைக்கிறது.

அவள் வாக்குமூலம் இல்லாமல் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தண்டனை கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. செய்ய முடிந்தவை வேறு இருந்தன. அவருடைய லைனிலிருந்து முந்தைய ஒரு வருடத்தில் கணக்கு முடித்துப் போன பெண்கள் எத்தனை பேர், மற்ற லைன்களில் எத்தனை பேர் என்று பார்க்கச் சொன்னோம். வித்தியாசம் கண்ணில் அறைந்தது. இரவு ஓ.டி.க்கு ஒரு பெண் சூப்பர்வைசரைப் போட்டார்கள். லீவு, ஓ.டி. ஒதுக்குவதை அந்த ஆளின் கையிலிருந்து எடுத்து அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அதிகாரம் போனதும் துணிச்சலும் குறைந்தது. அந்தப் பெண்ணிடம், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம், காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் கூட்டித் தரும் என்று தேதியோடு எழுதிக் கொடுத்தோம். ஃபைல் ஒட்டிய உறையில் கமிட்டியிடமே இருந்தது.

இந்த ஊரில் வாபஸ் வாங்கவைக்க மிக அதிகமாக வேலை செய்யும் மிரட்டல் எது என்று கேட்டால், பொய்ப் புகார் என்ற சொல்தான். “நிரூபிக்க முடியலைன்னா உன் மேலயே நடவடிக்கை வரும்” என்று யாரோ ஒருவர் காதில் போட்டுவிடுவார். 14ஆம் பிரிவில் அப்படி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் புகாரை நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கெட்ட நோக்கம் இருந்தது என்பதைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும். வாபஸ் வாங்கியதை வைத்து அவள் பொய் சொன்னாள் என்று எழுதிய ஒரு கமிட்டியின் அறிக்கையைப் படித்திருக்கிறேன். அந்தக் கம்பெனியில் அதற்குப் பிறகு நான் கேள்விப்பட்டவரை ஒரு பெண்ணும் வாய் திறக்கவில்லை.

சமரசம் என்ற பெயரில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். விசாரணை தொடங்குவதற்கு முன், அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும், கமிட்டி சமரசம் செய்துவைக்கலாம் என்கிறது 10ஆம் பிரிவு. பணம் அதன் அடிப்படையாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இங்கே நடப்பது தலைகீழ். விசாரணை ஓடும்போது உறவுக்காரர் ஒருவர் டீக்கடையில் வைத்து ஒரு தொகை பேசுவார், பிறகு வாபஸ் கடிதம் வரும். மூன்று அமர்வுக்குத் தொடர்ந்து வராவிட்டால் விசாரணையை முடித்துவிடலாம் என்ற விதியையும் இதற்குப் பயன்படுத்துவார்கள். அந்த விதிப்படி தக்க காரணம் இல்லாமல் வராமல் இருந்திருக்க வேண்டும், பதினைந்து நாள் முன்பே எழுத்தில் நோட்டீசும் கொடுத்திருக்க வேண்டும். லைனே சேர்ந்து ஒதுக்கிவைத்திருப்பதைவிடத் தக்க காரணம் வேறென்ன வேண்டும்? நோட்டீஸ் போகிற விலாசத்தையும் பாருங்கள். ஊருக்குப் போய்விட்டவளுக்கு ஹாஸ்டல் விலாசத்தில் நோட்டீஸ் அனுப்பி ஒட்டிவைத்த ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்றால் இந்தப் பேச்சு எதற்கும் இடமில்லை. போக்சோ சட்டப்படி, தெரிந்தவர்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். வயதுச் சான்றைப் பார்க்காமல் அவள் வாபஸ் கடிதத்தைக் கையில் வாங்கவே கூடாது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். மகள் தொந்தரவைத் தாங்கிக்கொண்டிருந்தாள் என்று தாய் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. அந்தச் செய்தி எங்கள் பகுதிக் கமிட்டிகள் எல்லாவற்றையும் உலுக்கியது. 2022 ஏப்ரலில், தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் அந்த நிறுவனத்தோடு கையெழுத்திட்டதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். ஆகிய பையர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் என் வேலையோடு நேராகப் பொருந்தும் ஒரு ஏற்பாடு, தொழிலாளர்களிலிருந்தே யூனியன் தேர்ந்தெடுக்கும் ஹால் கண்காணிப்பாளர்கள். ஏறக்குறைய இருபத்தைந்து தொழிலாளர்களுக்கு ஒருவர். பல்லடம் கம்பெனியில் பழம் வாங்கிக்கொண்டு போன அந்த மூத்த டெய்லரைப் போன்ற ஒருவர், முறையான பொறுப்போடும் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்போடும் ஒவ்வொரு லைனிலும் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. நின்ற முதல் நாளே அவர் நிர்வாகத்திடம் போய்க் கேட்டிருப்பார். லைனின் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். கமிட்டி மட்டும் இருந்து, கேட்கிற உரிமையுள்ள சக தொழிலாளி ஒருவரும் இல்லாத இடத்தில், அந்தக் கோபம் புகார் கொடுத்தவள் மேல்தான் இறங்கும்.

திருப்பூரில் பெரும்பாலான கம்பெனிகளுக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும் பவர் டேபிள்களிலும் கமிட்டியே இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்கிற பெண்கள் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

கமிட்டிகளில் இருக்கும் தலைவர்களுக்கும் ஆடிட் செய்ய வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சட்டப்படி அனுப்பும் வருட அறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, தொண்ணூறு நாளுக்கு மேல் எத்தனை நிற்கிறது என்று கேட்கிறார்கள். வாபஸ் ஆனவை எல்லாம் முடிந்தவற்றோடு போய்ச் சேர்ந்துவிடுகின்றன. உங்கள் அறிக்கையில் அவற்றைத் தனியாகக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கடிதத்தைக் கொண்டுவந்தவர் யார், அந்த வாரம் அந்த லைனின் ஓ.டி. எவ்வளவு, அந்தப் பெண் இப்போது எங்கே வேலை செய்கிறாள் என்ற மூன்றையும் எழுதுங்கள். ஆடிட்டர்கள் பூஜ்யத்தைப் பார்த்துத் தலையாட்டாமல், இந்த மூன்று விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.